22 பேனலுக்கு 8 கிலோவாட் இன்வர்ட்டர்: ஏமாற்றுகிறார்களா, இல்லை சரியான கணக்கா?

கோவன்வாசி (சனி, காலை 10.12)

வணக்கம். எங்களுடையது இரண்டு மாடி டெரஸ் வீடு, சிங்கப்பூரில் கோவன் பக்கம். ஓட்டுக்கூரை. முன்சரிவு கிழக்கு, பின்சரிவு மேற்கு, சாய்வு 20 டிகிரி இருக்கும். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். மூவரும் 440 வாட் பேனல் 22தான் சொல்கிறார்கள், பக்கத்துக்குப் பதினொன்று. மொத்தம் 9.68 கிலோவாட். ஆனால் இன்வர்ட்டர் மட்டும் ஆளுக்கு ஒன்று: ஒருவர் 10 கிலோவாட், ஒருவர் 8, ஒருவர் 6.

8 சொன்னவரிடம், "அப்போ 1.68 கிலோவாட்டுக்கு நான் கொடுக்கிற காசு வீணா?" என்று கேட்டேன். "இல்லை சார், வேண்டுமென்றேதான் பேனலைக் கூட்டி வைக்கிறோம், காலையும் சாயங்காலமும் நல்லா வரும், நடுப்பகலில் உச்சம் கொஞ்சம் வெட்டுப்பட்டு கிளிப் ஆகும், அவ்வளவுதான்" என்றார். 6 சொன்னவரும் அதையே சொன்னார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பாதி விலைக்கு வாங்கிய சட்டை தோளில் இறுக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெயில்கணக்கு (காலை 10.40)

ஏமாற்று இல்லை சார். இப்போது எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள். சின்ன இன்வர்ட்டர் என்றால் காலையில் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பெரிய இன்வர்ட்டரை ஓட்டவே நிறைய வெயில் வேண்டும். அதனால் 6 போட்டால் 7 மணிக்கே உற்பத்தி தொடங்கிவிடும், 10 போட்டால் 8 மணி ஆகும். என் ஓட்டு 6க்கு. விலையும் குறைவு.

---

பீஷான் அக்கா (காலை 11.05)

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. 6 கிலோவாட் பெட்டிக்குள் 9.68 கிலோவாட்டைத் தள்ளினால் வீட்டு பிரேக்கர் தாங்குமா? எங்கள் வீட்டில் தண்ணீர் ஹீட்டரும் அடுப்பும் ஒன்றாகப் போட்டாலே விழுந்துவிடும். அப்புறம் இன்னொன்று: சாயங்காலம் நன்றாக வரும் என்றால் ராத்திரி 8 மணிக்கு மூன்று ஏர்கானும் ஓடுமா? அதுதானே நமக்கு வேண்டியது.

---

மின்கம்பி (பிற்பகல் 1.30)

கூரைமேல் சோலார் வேலை பார்த்து வருஷம் பத்துக்கு மேல் ஆகிறது. இன்று விடுமுறை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கா, முதலில் உங்களுக்கு. பிரேக்கருக்கு வருவது இன்வர்ட்டர் வெளியே விடுகிற மின்சாரம்தான், கூரையில் இருக்கிற பேனல் அளவு அல்ல. 6 கிலோவாட் இன்வர்ட்டர் உயிரே போனாலும் 26 ஆம்பியருக்கு மேல் விடாது. 8 என்றால் 35, 10 என்றால் 43 அல்லது 44. உண்மையில் பெரிய இன்வர்ட்டருக்குத்தான் பெரிய பிரேக்கரும் தடித்த கேபிளும் வேண்டும். பேனலிலிருந்து வருகிற டிசி மின்சாரத்தில் மிச்சம் இருப்பது எங்கேயும் "தள்ளப்படுவது" இல்லை. இன்வர்ட்டர் நிரம்பியதும் பேனலிடமிருந்து குறைவாக எடுத்துக்கொள்ளும், எடுக்காதது பேனலிலேயே சூடாகப் போய்விடும். குழாயைக் கொஞ்சம் மூடினால் தொட்டித் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கிறதே, அப்படி. ராத்திரி 8 மணிக்கு ஒன்றும் வராது அக்கா, சூரியன் 7 மணி வாக்கிலேயே போய்விடுகிறது. அதற்கு பேட்டரி வேண்டும், அது வேறு கணக்கு.

இனி கோவன்வாசிக்கு. உங்கள் மனதில் "9.68 கிலோவாட் வரும், 8 அதைத் தடுக்கும்" என்று ஒரு படம் இருக்கிறது. அந்த 9.68 உங்கள் கூரையில் அநேகமாக ஒரு நாளும் நிலையாக வராது. பேனல் மேல் எழுதிய 440 வாட் என்பது ஆய்வகத்தில் பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. உங்கள் ஓட்டின் மேல் பகல் 1 மணிக்கு அந்த செல் 60 டிகிரி இருக்கும். ஒரு டிகிரி கூடினால் மூன்றில் ஒரு சதவீதம் போகிறது என்று வையுங்கள், 35 டிகிரிக்கு ஏறக்குறைய 12 சதவீதம் போய்விடும். தூசி, பறவை எச்சம், கேபிள், பேனலுக்குப் பேனல் இருக்கும் வித்தியாசம் எல்லாம் சேர்த்து இன்னொரு 5. இன்வர்ட்டர் தன் பங்குக்கு 2, 3 எடுத்துக்கொள்ளும். பெருக்கிப் பாருங்கள், முழு வெயிலில் 7.9 கிலோவாட்தான் நிற்கிறது.

அதிலும் உங்கள் பேனல்கள் மட்டமாகப் படுத்திருக்கவில்லை. பாதி கிழக்கே, பாதி மேற்கே 20 டிகிரி சாய்ந்திருக்கின்றன. தலைக்கு நேரே வெயில் நிற்கும்போது இரண்டு பக்கமும் அதை நேராகப் பார்க்காது. அதில் இன்னொரு 6 சதவீதம். ஆக நல்ல வெயில் நாளில் உங்கள் உச்சம் ஏழரை கிலோவாட்.

அப்படியென்றால் 8 கிலோவாட் இன்வர்ட்டர் சாதாரண வெயிலில் கிளிப்பே ஆகாது. 10 கிலோவாட் வாங்கினால் அதில் கால்வாசியைச் சாதாரண வெயிலில் தொடாமலே வைத்திருப்பீர்கள்.

---

கோவன்வாசி (பிற்பகல் 2.15)

இதை அந்த மூன்று பேரில் ஒருவர் சொல்லியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. நன்றி அண்ணா. அப்படியானால் 6? ஏழரை வரும்போது ஒன்றரை போகிறதே.

---

மின்கம்பி (பிற்பகல் 2.50)

போகிறது. எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

நம் ஊர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் 12க்கு இல்லை, 1 மணி வாக்கில். மேகமே இல்லாத ஒரு நாளில் உங்கள் கூரை 1 மணிக்கு ஏழரை கொடுக்கும், 12க்கும் 2க்கும் 7.2, 11க்கும் 3க்கும் 6.2, 10க்கும் 4க்கும் 4.8, 9க்கும் 5க்கும் 3. நாள் முழுக்கக் கூட்டினால் 52 யூனிட் சொச்சம். 6 கிலோவாட் இன்வர்ட்டர் 10.50 வாக்கில் தட்டையாகி 3.10 வரை அப்படியே நிற்கும். வெட்டுப்பட்டது நாலேகால் யூனிட். அதாவது 8 சதவீதம்.

கேட்டதும் பெரிதாக இருக்கும். ஆனால் அது மேகமே இல்லாத நாள். இந்த ஊரில் அப்படிப்பட்ட நாளை விரல்விட்டு எண்ணலாம். காலையில் பளிச்சென்று தொடங்கும், 2 மணிக்கு மேகம் திரண்டு 3 மணிக்குக் கொட்டும். வருஷம் முழுக்க உங்கள் கூரையில் 11,500 யூனிட் போல வரும், ஒரு நாளைக்குச் சராசரி 32தான். 52 வருகிற நாளில் 8 சதவீதம் போகும், 25 வருகிற நாளில் ஒன்றுமே போகாது. நான் பார்த்த கூரைகளை வைத்து, 6 போட்டால் வருஷத்துக்கு 3 சதவீதம் போல இழப்பீர்கள் என்று சொல்வேன். 8 போட்டால் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

3 சதவீதம் என்றால் 345 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் வருஷம் 100 வெள்ளி. ஆனால் போவது எல்லாம் நடுப்பகல் யூனிட், அந்த நேரம் வீட்டில் நீங்கள் இல்லை. பெரும்பகுதி வீட்டிலிருந்து மின்கட்டமைப்புக்குப் போய் வரவாக வருவதுதான். அந்த வரவு நீங்கள் கட்டுகிற கட்டணத்தைவிடக் குறைவு, கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்துத்தான் தருவார்கள். ஆக உண்மை நஷ்டம் 100ஐவிடக் குறைவு. உங்கள் விலைப்பட்டியலில் 6க்கும் 8க்கும் எவ்வளவு வித்தியாசம்?

---

கோவன்வாசி (பிற்பகல் 3.05)

8க்கு 240 வெள்ளி கூட. 8க்கும் 10க்கும் நடுவே 390, அதில் பிரேக்கரும் கேபிளும் மாற்றுகிற கூலி சேர்ந்திருக்கிறது.

---

மின்கம்பி (பிற்பகல் 3.20)

அப்போ 8. மூன்று, நாலு வருஷத்தில் அந்த 240 திரும்பி வந்துவிடும். 10க்கான 390 வெள்ளி வருவதற்குள் இன்வர்ட்டரே மாற்ற வேண்டி வந்துவிடும்.

---

வெயில்கணக்கு (பிற்பகல் 4.02)

அண்ணா, நான் சொன்ன காலை நேர விஷயத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. கிளிப்பிங்கை ஏன் ஏற்றுக்கொள்கிறோம்? காலையும் மாலையும் கூடுதலாக வருவதால்தானே? அப்போ சின்ன இன்வர்ட்டரில் அது கூடுதலாக வர வேண்டுமே.

---

மின்கம்பி (மாலை 5.10)

இதுதான் எல்லோரும் இடறுகிற இடம். தம்பி, நீங்கள் பாதி தூரம் சரியாக வந்துவிட்டீர்கள்.

அதே 22 பேனலை வைத்துக்கொண்டு இன்வர்ட்டரை 10இலிருந்து 6 ஆக்கினால் காலையில் ஒன்றும் கூடாது. 9 மணிக்கு 3 கிலோவாட் வருகிறதென்றால் மூன்றிலும் அதே 3தான். இன்வர்ட்டர் விழிப்பது, பேனல்களை வரிசையாகக் கோர்த்த ஸ்ட்ரிங்கின் வோல்டேஜைப் பார்த்து. வெளிச்சம் கொஞ்சம் வந்தாலே வோல்டேஜ் எழுந்துவிடும். 11 பேனல் ஸ்ட்ரிங் என்றால் மூன்று பெட்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண் திறக்கும். நீங்கள் சொன்னதில் உண்மை எது என்றால், பெரிய இன்வர்ட்டர் தன் திறனில் ஐந்து, பத்து சதவீதத்தில் ஓடும்போது கொஞ்சம் சோம்பலாக மாற்றும். காலை எட்டு மணிக்கு மேகமூட்டத்தில் 700 வாட் வரும்போது ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். 700இல் அது 10 வாட். தொலைபேசி சார்ஜர்.

காலையும் மாலையும் கூடுவது பேனல் கூடுவதால். ஒப்பிட வேண்டியது "22 பேனல், 6 அல்லது 10" அல்ல. இன்வர்ட்டரை 6 என்று நிறுத்திவைத்துவிட்டு "14 பேனலா, 22 பேனலா" என்று கேளுங்கள். 14 பேனல் என்றால் 6.16 கிலோவாட், பெயருக்குச் சரியான ஜோடி. அதன் உச்சமே 4.8தான். இன்வர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஆயுள் முழுக்கத் தூங்கும். காலை 9.30க்கு அது இரண்டரை கிலோவாட் கொடுக்கும்போது 22 பேனல் 3.9 கொடுக்கும். மாலை 5 மணிக்கு 1.9க்குப் பதில் 3. இரண்டு ஏர்கானும் ஃபிரிட்ஜும் ஓடுகிற வீட்டுக்கு அந்த நேரத்தில் 1.9க்கும் 3க்கும் நடுவே இருப்பதுதான் கட்டமைப்பிலிருந்து எடுக்கிறோமா இல்லையா என்பது. நடுப்பகலில் ஒன்றரையை வெட்டுகிறார்கள், சரி. மேகமூட்டமான நாள் முழுவதும், காலை, மாலை எல்லா நேரமும் எட்டு பேனல் கூடுதலாக உழைக்கிறது, அங்கே ஒரு வாட்டும் வெட்டுப்படுவதில்லை.

அதனால் "காலையில் நன்றாக வரும்" என்று சொல்லி ஒருவர் இன்வர்ட்டரைச் சிறிதாக்கினால் அவர் தன் செலவைக் குறைக்கிறார். அதையே சொல்லி பேனலைக் கூட்டினால் உங்கள் பக்கம் பேசுகிறார். ஒரே வாக்கியம்தான், இரண்டு பேரும் அதையே சொல்வார்கள்.

பின்குறிப்பு: விடியற்காலை சுமத்ரா புயல்காற்று அடித்து 10 மணி வரை இருட்டிக் கிடக்கிற நாளில் எந்தக் கணக்கும் எடுபடாது.

---

வெயில்கணக்கு (மாலை 5.31)

ஒப்புக்கொள்கிறேன், பேனல்தான். ஆனால் அந்த ஒன்றரை சதவீதத்தை விடமாட்டேன் 😄

---

தெம்பனிஸ் 11ஆம் மாடி (மாலை 6.20)

நாங்கள் வீவக அடுக்குமாடி வீடு. கூரையும் எங்களுடையதில்லை, இன்வர்ட்டரும் எங்களுடையதில்லை. ஆனால் இந்த இழையை நாடகம் மாதிரி படித்துக்கொண்டிருக்கிறேன். தொடருங்கள்.

---

சிலேத்தார் (ஞாயிறு, காலை 8.45)

நான் பட்டதைச் சொன்னால் யாருக்காவது உதவும்.

2017இல் போட்டது. 5 கிலோவாட் இன்வர்ட்டர், 310 வாட் பேனல் 16, இரண்டு உள்ளீட்டில் எட்டு எட்டு. நன்றாகத்தான் ஓடியது. போன வருஷம் கூரையில் இன்னும் இடம் இருக்கிறதே என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம். "டிசியைக் கூட்டிக்கலாம் சார், அதிகம் போனால் கிளிப்தானே ஆகும்" என்றார்கள். பழைய 16ஐயும் ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்து, காலியான உள்ளீட்டில் புது 440 வாட் பேனல் எட்டு மாட்டினார்கள். மதியம் வேலை முடியவில்லை, மறுநாள் காலை 8 மணிக்கு வந்து இணைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் திரையில் `PV Over Voltage` என்று வந்தது. ஒரு நிமிடம் கழித்துத் திரையே இருண்டுவிட்டது. இன்வர்ட்டர் போயே போய்விட்டது. உத்தரவாதம் கேட்டால், உள்ளே பதிவான வோல்டேஜைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

இன்று வரை புரியாதது: கூடுதல் என்றால் கிளிப் ஆகும் என்றார்களே, ஏன் ஆகவில்லை?

---

மின்கம்பி (காலை 10.20)

ஐயா, கேட்கவே வருத்தமாக இருக்கிறது. 310 வாட் பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது அதிலிருந்து யாரும் மின்சாரம் எடுக்காதபோது நிற்கும் வோல்டேஜ், 40ஐ ஒட்டி இருக்கும். பதினாறை வரிசையாகக் கோர்த்தால் 640. அந்தக் காலத்து ஒரு ஃபேஸ் வீட்டு இன்வர்ட்டர் தாங்குவது பெரும்பாலும் 600. காலை 8 மணி, பேனல் இன்னும் சூடாகவில்லை, வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும் நேரம். அவர்கள் சுவிட்சைப் போட்டது அந்த நேரத்தில்.

கிளிப் ஆவது வாட்டில்தான், வோல்டேஜில் அல்ல. இன்வர்ட்டர் குறைவாக எடுத்துக்கொள்ள அதற்கு ஒரு வழி இருக்கிறது, பேனலைத் திறந்த வோல்டேஜ் பக்கமாக மேலே நகர்த்திவிடும். அதாவது கிளிப் ஆகும்போது வோல்டேஜ் கூடுகிறது. வோல்டேஜே எல்லை தாண்டி நின்றால் அது நகர்வதற்கு இடமே இல்லை. நேராகப் பாகம் எரியும். அதனால் பேனலைக் கூட்டும்போது முதல் கேள்வி எத்தனை கிலோவாட் என்பதல்ல, ஒரு ஸ்ட்ரிங்கில் எத்தனை என்பதுதான்.

இந்த ஊரில் குளிர் கிடையாது என்பது நமக்கு ஒரு சலுகை. குளிர்நாட்டில் உறைபனிக் காலைக்காகப் பத்துப் பதினைந்து சதவீதம் இடம் விட்டுக் கோர்ப்பார்கள். இங்கே விடியற்காலை 23 டிகிரிதான், பேனலில் அச்சிட்ட எண்ணையே ஏறக்குறைய நம்பலாம். அந்தச் சலுகையை நம்பி நெருக்கிக் கோர்க்கிறவர்களும் உண்டு. நான் மாட்டேன்.

இன்னொன்றையும் அவர்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் பழைய பெட்டியின் ஓரத்தில் உள்ளீட்டு ஆம்பியர் என்று இரண்டு எண் இருந்திருக்கும். முதலாவது ஓடும்போது எடுக்கிற அதிகபட்சம், அந்தக் காலத்தில் 11 ஆம்பியர் மாதிரி. அதைத் தாண்டினால் பரவாயில்லை, வெட்டிக்கொள்ளும். இரண்டாவது குறுக்குச்சுற்று மின்னோட்டம். அது தாண்டக் கூடாத கோடு. புது 440 வாட் பேனல்கள் 13 ஆம்பியருக்கு மேல் ஓடுகின்றன, குறுக்குச்சுற்றில் 14 தாண்டும். அதற்கு மேல் கால்பங்கு சேர்த்து 18 என்று பார்க்க வேண்டும், மேக விளிம்பில் அப்படி எகிறும். பல பழைய இன்வர்ட்டரில் அது நுழையவே நுழையாது. புதுப் பெட்டிகள் இருபதுக்கு மேல் தாங்கும்.

கோவன்வாசி, உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 11 பேனல் ஒரு ஸ்ட்ரிங், 430 வோல்ட் போல. ஆனால் கிழக்கையும் மேற்கையும் தனித்தனி உள்ளீட்டில் விடுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் அந்த மாடலின் தாளில் அதிகபட்சப் பேனல் அளவு என்று ஒரு வரி இருக்கும், ஒன்றரை மடங்கு என்றோ இரண்டு மடங்கு என்றோ. 6க்கு 9.68 என்பது 1.61 மடங்கு. ஒன்றரை என்று போட்டிருந்தால் உத்தரவாதம் அங்கேயே போச்சு.

---

சிலேத்தார் (காலை 10.48)

இப்போதுதான் புரிகிறது தம்பி. ஒன்றரை வருஷம் தாமதமாக.

---

துவாஸ் ஷிஃப்ட் (பிற்பகல் 12.30)

தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் கூரையில் பேனல் 1.2 மெகாவாட்டுக்கு மேல், இன்வர்ட்டர்கள் சேர்ந்து 1 மெகாவாட்டுக்குக் கீழ். முதலில் நானும் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார்கள், எரிசக்திச் சந்தை ஆணையம் கணக்குப் பார்ப்பது இன்வர்ட்டர் வெளியே விடுகிற ஏசி மின்சாரத்தை. 1 மெகாவாட்டைத் தொட்டால் உரிமம், வேறு தலைவலி எல்லாம் வரும். அதனால் பெட்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பேனலைக் கூட்டுகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு தடவை மேற்குச் சுவரில் இருக்கிற மூன்று இன்வர்ட்டரின் வரைபடம் மட்டும் மதியத்தில் தட்டையாக இருந்தது. "கிளிப்பிங், சாதாரணம்" என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். ஒருநாள் உற்றுப் பார்த்தால், தட்டை 50 கிலோவாட்டில் இல்லை. 44இல் தொடங்கி, 3 மணிக்கு 41 வரை சரிந்து, வெயில் சாய்ந்ததும் மறுபடி ஏறுகிறது. போய்ப் பார்த்தால் விசிறிக் கூண்டில் கையளவு தூசி, மேலே வெயில் நேராக அடிக்கிறது. சூடு தாங்காமல் தன்னைத்தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. விசிறியைத் துடைத்து மேலே ஒரு தகரத் தடுப்பு வைத்ததும் தட்டை 50க்குப் போய்விட்டது, அதுவும் எப்போதாவது.

கிளிப் என்றால் மேல்கோடு அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி, பெட்டியில் எழுதிய எண்ணிலேயே நிற்கும். அதற்குக் கீழே தட்டையாக இருந்தால், சரிந்தால், அது வேறு நோய்.

---

மின்கம்பி (பிற்பகல் 1.15)

நூற்றுக்கு நூறு. வீட்டிலும் இதே கதைதான், பலர் இன்வர்ட்டரை மேற்குப் பார்த்த கார் நிறுத்துமிடச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். பேனலுக்கும் இன்வர்ட்டருக்கும் உள்ள விகிதத்தை 1.2க்கு மேல் வைத்தால் பெட்டி நிறைய நேரம் நிரம்பி ஓடும், நிழலும் காற்றும் இன்னும் முக்கியம்.

---

வெயில்கணக்கு (பிற்பகல் 1.40)

அப்படி நிரம்பி ஓடினால் ஆயுள் குறையாதா? உள்ளே கெப்பாசிட்டர் சூட்டில்தானே கெடுகிறது?

---

மின்கம்பி (பிற்பகல் 2.05)

குறையும் என்பவர்களும் உண்டு, அதற்காகத்தானே வடிவமைத்திருக்கிறான் என்பவர்களும் உண்டு. 1.2இல் எனக்கு எந்தப் பயமும் இல்லை. 1.6இல் நல்ல வெயில் நாளில் நான்கு மணி நேரம் உச்சியில் நிற்கும் பெட்டியை என் வீட்டில் மாட்ட எனக்கு மனம் வராது.

---

துவாஸ் ஷிஃப்ட் (பிற்பகல் 2.20)

எங்களிடம் விகிதம் கூட இருக்கிற பெட்டியும் குறைவாக இருக்கிற பெட்டியும் ஒரே வருஷம் மாட்டியவை. இதுவரை செத்தது குறைவாக இருந்த பெட்டிதான். பல்லி புகுந்துவிட்டது. அதனால் என் சாட்சி செல்லாது.

---

கோவன்வாசி (திங்கள், இரவு 9.30)

8 சொன்னவரிடம் போனில் பேசினேன். இரண்டு உள்ளீடு, கிழக்கு ஒன்று மேற்கு ஒன்று, சரி என்றார். அதிகபட்சப் பேனல் அளவு அந்த மாடலுக்கு ஒன்றரை மடங்கு, நமக்கு 1.21. வாசலில் மாட்டுவதாக இருந்ததை மாடிப்படிக்கு அடியில் மாற்றச் சொன்னேன், கேபிளுக்கு 80 வெள்ளி கூட. அவருடைய மென்பொருள் அறிக்கையில் கிளிப்பிங் இழப்பு 0.1 சதவீதம் என்று இருக்கிறது. அண்ணா அரை சதவீதம் என்றீர்கள். யாரை நம்புவது?

---

மின்கம்பி (இரவு 10.10)

இரண்டும் பொய்யில்லை. அந்த மென்பொருள் மணிக்கு ஒரு எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரு மணி நேரத்தில் பாதி மேகம், பாதி சுள்ளென்ற வெயில் என்றால் அது சராசரியாக நாலு கிலோவாட் என்று பார்க்கும், கிளிப்பே தெரியாது. உண்மையில் இருபது நிமிடம் ஒன்பதைத் தொட்டிருக்கும். நம் ஊர் வானம் முக்கால்வாசி நேரம் இப்படி உடைந்த மேகம்தான். மேகத்தின் ஓரத்தில் வெயில் தெறித்து வரும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்கும், அந்த நேரம் பேனலும் நிழலில் ஆறிப்போய் இருக்கும். அதனால் அவருடையதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று உங்கள் கூரையில் நிமிடத்துக்கு நிமிடம் அளந்தால்தான் தெரியும்.

---

கோவன்வாசி (மூன்று மாதம் கழித்து, சனி, பிற்பகல் 2.00)

இழையை மறுபடி எழுப்புகிறேன். போன மாதம்தான் மின்பணியாளர் சோதித்து, மீட்டர் மாற்றி, ஓட ஆரம்பித்தது.

இன்று 12 மணிக்கு ஒரு மழை. விட்டதும் சாப்பிட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன். 1.20 இருக்கும். திரையில் வெளியே வருகிற வாட், `Pac`, 3100. ஒரு ஸ்ட்ரிங்கின் வோல்டேஜ், `Vpv1`, 330ஐ ஒட்டி. வெளியே பளிச்சென்று ஆனது. `Pac` 5, 6, 7 என்று ஏறி 8000க்கு வந்து நின்றது. நின்றதென்றால் நின்றது, 7998, 8000, 8000. அப்போது `Vpv1`ஐப் பார்த்தேன், 360. மின்கம்பி அண்ணா சொன்ன அந்த மேலே நகர்தல். கூரையில் ஒன்பதுக்கு மேல் இருந்திருக்க வேண்டும், என்னிடம் எட்டு வருகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு நிமிடம். பிறகு 7400, அப்புறம் மேகம், 2600.

போனில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அது 15 நிமிடச் சராசரிதான் காட்டுகிறது. அந்த நாலு நிமிடம் வரைபடத்தில் இல்லவே இல்லை, 5.9 என்று ஒரு மேடு மட்டும்.

---

பீஷான் அக்கா (பிற்பகல் 2.25)

நாலு நிமிஷமா அதன் முன்னாலேயே நின்றீர்கள் தம்பி? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?

---

கோவன்வாசி (பிற்பகல் 2.31)

சொன்னார்கள் அக்கா. காலை 9.30க்கு வாஷிங் மெஷின் போடுகிறார்கள் இப்போது, அதைப் பற்றி மட்டும் நல்லதாக ஏதோ சொன்னார்கள்.

---

சிலேத்தார் (பிற்பகல் 3.10)

தம்பி, இன்வர்ட்டரின் மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு. நானும் புதிதாகப் போட வேண்டும். இந்தத் தடவை ஸ்ட்ரிங்கை நானே எண்ணுவேன்.